சொல் இல்லாமல் வந்த தண்டத் துண்டு

பொலிஸ் எழுதிக் கொடுத்த தண்டப் பத்திரத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அதோடு ஒரு சொல்லும் எழுதுவதில்லை. படம் மட்டும் வரும். 'பிள்ளை, இதைப் பார்' என்றுகூட இருக்காது. வன்னியில் எங்கள் பக்கத்தில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நான் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன், படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன், வவுனியாவில் படித்த காலத்தில் சிங்களம் வாசிக்கவும் பழகிக்கொண்டேன். அதனால் சொந்தக்காரர், அயலவர், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருடைய துண்டுகள் என் போனுக்கு வந்து சேரும்.

சொல் இல்லாத படத்துக்குப் பின்னால் மூன்று கேள்விகளில் ஒன்று இருக்கும். என்ன குற்றம் எழுதியிருக்கிறார்கள் என்பது ஒன்று. இது உண்மையான துண்டா, செல்லுமா என்பது இன்னொன்று. எங்கே, எப்படி, எப்போதுக்குள் காசு கட்டுவது என்பது மூன்றாவது. படத்தைப் பார்த்தவுடன் இதில் எது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. பிழையாக ஊகித்தால் சும்மா நேரம் மட்டும் போகாது. வழக்குத் தவணை போட்ட துண்டுக்குத் தபாற்கந்தோரில் காசு கட்டச் சொல்லிவிட்டால், மனிசன் அங்கே போய் அலைந்து திரும்பி வருவதற்குள் தவணை தவறலாம். பொய்யான குறுஞ்செய்திக்குக் கட்டும் வழியைச் சொல்லிக் கொடுத்தால், வங்கிக் கணக்கையே திறந்து கொடுத்த மாதிரி.

'என்ன வேணும்?' என்று திருப்பிக் கேட்டால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். போதாது என்பதே என் எண்ணம். தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்கு, அதில் எதைக் கேட்பது என்றும் தெரியாது. 'இதுதான்' என்று ஒரு பதில் வரும், அல்லது அதே படம் திரும்ப வரும். வயதானவர்கள் என்றால் அதற்குமேல் கரைச்சல் தரக் கூடாது என்று பேசாமல் விட்டுவிடுவார்கள். தண்டம் எழுதப்பட்டதே ஒரு வெட்கம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் படத்தில் இருக்கிறதை எல்லாம் வாசித்து முடித்த பிறகு, அவர்களால் உடனே பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

விசுவமடுவில் இருக்கும் சித்தப்பாவின் துண்டை வைத்தே இதைச் சொல்கிறேன். விவரங்களை எழுத அவர் சம்மதித்திருக்கிறார்.

படம் ஒரு சனிக்கிழமை இரவு வந்தது. பாயில் வைத்து எடுத்த படம். தாள் நாலாக மடித்து விரித்த தாள், மடிப்புகளில் நிறம் போயிருந்தது. கீழ் ஓரத்தில் சித்தப்பாவின் பெருவிரல், அந்த இடத்தில் இருந்த வரி தெரியவில்லை. மறுபக்கத்தை எடுக்கவில்லை. இதிலிருந்தே ஒன்று விளங்கியது. இன்றைக்கு மறித்து எழுதிய துண்டாக இருந்தால் தாள் இப்படிக் கசங்கியிருக்காது. சேட்டுப் பொக்கற்றில் சில நாள் கிடந்திருக்கிறது. ஆகவே அவருக்கு நாள் குறைவாக இருக்கலாம்.

முதலில் பார்த்தது இது எந்த வகைத் தாள் என்பதை. றோட்டில் மறித்துக் கையில் கொடுக்கிற தாளே இரண்டு விதம். ஒன்று, அந்த இடத்திலேயே தொகை குறித்துக் கொடுப்பது. அதைத்தான் நாங்கள் 'ஸ்பொட் ஃபைன்' என்கிறோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்று வர்த்தமானியில் போட்டிருக்கிறார்கள். மற்றது, நீதவான் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லிக் கொடுப்பது. குடித்துவிட்டு ஓடியது, லைசன்ஸே இல்லாமல் ஓடியது, காப்புறுதி இல்லாமல் ஓடியது போன்றவை இந்த இரண்டாவது வகையில் வரும். அவற்றைத் தபாற்கந்தோரில் கட்டி முடிக்க முடியாது. நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும். அங்கே தண்டமும் 25,000 ரூபாயிலிருந்து தொடங்கும்.

இங்கே ஆட்கள் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. ஸ்பொட் ஃபைன் துண்டிலும் நீதிமன்றத்தின் பெயரையும் ஒரு தேதியையும் எழுத இடம் உண்டு. அதைக் கண்டதும் 'கோட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்' என்று பயந்துபோய் படம் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் முதலில் தேடுவது தொகையை. குற்றங்களுக்கு எதிரே ரூபாய் எழுதி, கீழே கூட்டுத்தொகையும் போட்டிருந்தால், அது கட்டி முடிக்கக்கூடிய துண்டு. அந்த நீதிமன்றத் தேதி, கட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு. தொகையே இல்லாமல் நீதிமன்றமும் தேதியும் மட்டும் இருந்தால், அது வழக்கு. சித்தப்பாவின் துண்டில் இரண்டு வரியில் 1,000, 1,000 என்றும் கூட்டு 2,000 என்றும் இருந்தது. ஆகவே வழக்கு இல்லை.

அடுத்தது தேதி. இதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. ஸ்பொட் ஃபைன் துண்டு எழுதிய நாளிலிருந்து 14 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் தொகை இரட்டிப்பாகும். அதற்கு அடுத்த 14 நாளுக்குள், அதாவது மொத்தம் 28 நாளுக்குள், அந்த இரட்டிப்புத் தொகையைக் கட்டி முடிக்கலாம். அதுவும் தவறினால் பொலிஸ் வழக்குப் போடும். லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்த துண்டு என்றால், அந்த முதல் 14 நாளும் துண்டுதான் தற்காலிக லைசன்ஸ். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். நாள் முடிந்த பிறகு அந்தத் துண்டைக் காட்டி ஓட முடியாது.

சித்தப்பாவின் தாளில் மடிப்பு சரியாகத் தேதியின் மேல் விழுந்திருந்தது. ஜூன் 3ஆ, 8ஆ என்று பெருப்பித்துப் பார்த்தும் தெரியவில்லை. இடப்பக்கம் மை உதிர்ந்திருந்தால் 8ஐயும் 3 என்று வாசிக்கலாம். செல்லுபடியாகும் கடைசித் தேதியைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும், அதுவோ பெருவிரலுக்குக் கீழே. இந்த ஐந்து நாள் வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை. 3ஆம் தேதி என்றால், எழுதிய நாளையும் சேர்த்து எண்ண, 14ஆவது நாள் 16ஆம் தேதி திங்கட்கிழமை. 8ஆம் தேதி என்றால் 21 வரை இருக்கிறது. அன்றைக்கு 14ஆம் தேதி சனி இரவு. ஞாயிறு தபாற்கந்தோர் இல்லை. 3 என்றால் அவருக்கு இருப்பது திங்கட்கிழமை ஒன்றுதான்.

எழுதிய நாளைச் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா என்று சிலர் கேட்பார்கள். நான் எப்போதும் சேர்த்தே எண்ணச் சொல்வேன். அப்படி எண்ணினால் ஒரு நாள் முந்தும், தவிர வேறு நட்டம் இல்லை. கடைசி நாளில் போய் கவுண்டரில் நின்று கணக்கு வாதாடுகிற நிலைமையை யாருக்கும் விடக் கூடாது.

பிறகு குற்றங்கள். கையெழுத்து வேகமாக எழுதிய சிங்களக் கையெழுத்து. முதல் வரி தலைக்கவசம் அணியாதது. இரண்டாவது வரியில் வாகன வரிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம் என்று அரசாங்கத் தாளில் எழுதுவார்களே அது, கொண்டு செல்லாதது. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஸ்பொட் ஃபைன் பட்டியலில் இந்த இரண்டுக்கும் தலா 1,000 ரூபாய். தொகையும் குற்றமும் பொருந்தின. பொருந்தாவிட்டால் நான் வாசித்ததில் பிழை இருக்கலாம் என்று திரும்பப் பார்ப்பேன். ஹெல்மெட்டுக்கு எதிரே 3,000 இருந்தால் அது ஹெல்மெட்டாக இருக்காது, வேகமாக ஓடியதாக இருக்கும். கையெழுத்து விளங்காதபோது தொகை நல்ல துணை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி. ஒருவர் மீது என்ன குற்றம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுப்பது யாரும் செய்கிற உதவி இல்லை, அவருக்கு உரிய உரிமை. றோட்டில் நின்றுகொண்டு, பின்னால் சித்தி வெயிலில் நிற்க, 'தமிழில் எழுதித் தாங்கோ' என்று கேட்பதற்குச் சித்தப்பா போன்றவர்களுக்கு வாய் வராது. அதனால்தான் அந்தத் தாள் சில நாள் பொக்கற்றில் கிடந்து, பிறகு ஒரு இரவு எனக்கு வருகிறது. வாசிக்க முடிந்திருந்தால் அடுத்த நாளே கட்டியிருப்பார். குறைந்தபட்சம் எழுதும்போதே 'என்ன எழுதுறீங்கள்?' என்று வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்த அதிகாரி பக்கத்தில் நின்றால் அவர் சொல்லுவார்.

செல்லுமா என்ற கேள்விக்குப் படத்தை வைத்து முழுமையாகப் பதில் சொல்ல முடியாது. துண்டின் இலக்கம், வாகன இலக்கம், இடம், நேரம், பொலிஸ் நிலையம், எழுதியவரின் இலக்கமும் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். வாகன இலக்கம் நம்முடையதுதானா என்று எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். ஆனாலும் படத்தில் இல்லாத ஒன்றுதான் இதில் பெரிய அடையாளம்: லைசன்ஸ் யாரிடம் இருக்கிறது? சீருடையில் நின்றவர் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு துண்டைக் கொடுத்திருந்தால், அந்த லைசன்ஸ் துண்டில் எழுதிய நிலையத்தில் இருக்கும். அங்கே போய்க் கேட்டால் தெரிந்துவிடும். லைசன்ஸும் கையில் இருக்கிறது, தாளும் கையில் தரப்படவில்லை, போனுக்கு ஏதோ வந்தது என்றால் சந்தேகப்பட வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு நான் அனுப்பிய பதில் இது:

'சித்தப்பா, இது ஸ்பொட் ஃபைன். கேஸ் இல்லை, பயப்பட வேண்டாம். மொத்தம் 2,000. இரண்டு விஷயம் எழுதியிருக்கு: ஹெல்மெட் போடாதது, வாகன வரிப்பத்திரம் கையில் இல்லாதது. 14 நாளுக்குள் கட்டவேணும். கட்ட முதல் எனக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கோ. மறிச்சது எந்தக் கிழமை? லைசன்ஸை அவை வைச்சிருக்கினமோ?'

அதையே குரல் பதிவாகவும் அனுப்பினேன். சின்ன எழுத்தை அவருக்கு வாசிக்கக் கஷ்டம்.

இதில் மூன்று கேள்விக்கும் ஒவ்வொரு வரி பதில் இருக்கிறது. எதையும் நீட்டவில்லை. நீட்ட வேண்டியது எது என்று அவருடைய பதில் சொல்லும். 'எத்தனையாம் தேதி?' என்று கேட்காமல் 'எந்தக் கிழமை?' என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. தேதி யாருக்கும் ஞாபகம் இருக்காது. என்ன வேலையாகப் போனோம் என்பது இருக்கும், அதோடு கிழமையும் வரும். 3ஆம் தேதி செவ்வாய், 8ஆம் தேதி ஞாயிறு. கிழமை தெரிந்தால் தேதி தெரிந்துவிடும்.

அவர் எழுதவில்லை, எடுத்தார்.

'பிள்ளை, அது சித்தியின்ர கிளினிக் நாள். செவ்வாய்க்கிழமை.'

'லைசன்ஸ்?'

'அவங்கள்தான் வைச்சிருக்கிறாங்கள். அது கிடக்கட்டும். அந்த இரண்டாவது என்ன எண்டு சொல்லு. ஹெல்மெட் எண்டு மட்டும்தானே எனக்குச் சொன்னவங்கள். வரிப்பத்திரம் எங்கட வீட்டில சாமியறையில கிடக்கு, மாசி மாசம் கட்டினது.'

அப்போதுதான் அவருடைய கேள்வி எதுவென்று தெரிந்தது. ஹெல்மெட் விஷயத்தை அவர் ஒத்துக்கொண்டிருந்தார். சித்தி பின்னால் ஹெல்மெட் இல்லாமல் இருந்திருக்கிறா. பின்னால் இருப்பவருக்கும் அது கட்டாயம். அவருக்கு விளங்காதது 1,000 ஏன் 2,000 ஆனது என்பது. யாரோ கூட எழுதி ஏமாற்றிவிட்டார்களோ என்று சில நாளாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். விளக்கம் கேட்பதும், உண்மையா என்று கேட்பதும் அவருக்கு ஒரே கேள்வியாக இருந்தது. நான் தபாற்கந்தோருக்குப் போகும் வழியை மட்டும் எழுதி அனுப்பியிருந்தால், கட்டியிருப்பார். ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணமும் அவரோடே இருந்திருக்கும்.

ஆகவே அதை ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். வரி கட்டாமல் வாகனம் ஓடுவது வேறு, கட்டிய பத்திரத்தை வாகனத்தோடு கொண்டுபோகாதது வேறு. இவருக்கு எழுதியிருப்பது கொண்டுபோகாதது. பத்திரம் சாமியறையில் பத்திரமாக இருந்தாலும், மறித்த இடத்தில் காட்டவில்லை என்பதுதான் குற்றம். 'கேட்டவங்களா?' என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஓம், சீற்றுக்குக் கீழ இருக்கு எண்டு நினைச்சுத் தேடினனான், இல்லை' என்றார். சரி, அப்படியென்றால் எழுதியது சரிதான்.

கட்டுவதற்கு முன் இன்னொன்றையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் கட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை. ஸ்பொட் ஃபைனைக் கட்டினால் விஷயம் அதோடு முடிந்தது. அந்தக் குற்றத்துக்கு வழக்கு வராது. அதேபோல, நான் அப்படிச் செய்யவே இல்லை என்று பிறகு வாதாடவும் இடமில்லை. குற்றத்தை மறுக்கிறவர் கட்டாமல் நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குத் தவணைக்குப் போக வேண்டும், ஒரு நாள் வேலை போகும், சட்டத்தரணி வைத்தால் காசும் போகும். மறுக்க உண்மையான காரணம் இருந்தால் நான் போகத்தான் சொல்வேன். வாகன இலக்கமே வேறு, அன்றைக்கு வாகனம் அந்த இடத்தில் இல்லை என்பது போன்ற காரணங்கள். சித்தப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. கட்டுவோம் என்றார்.

திங்கட்கிழமை கட்டுவது எப்படி என்பதைக் கடைசியாகத்தான் சொன்னேன். எந்தத் தபாற்கந்தோரிலும் கட்டலாம், மறித்த ஊருக்குப் போகத் தேவையில்லை. மூலத் துண்டு வேண்டும். போனில் இருக்கிற படத்தைக் காட்டிக் கட்ட முடியாது, படத்தைக் காட்டி வாகனம் ஓடவும் முடியாது. காசைக் கட்டியதும் தருகிற பற்றுச்சீட்டில் துண்டின் இலக்கமும் தொகையும் சரியாக இருக்கின்றனவா என்று கவுண்டரை விட்டு விலக முதல் பார்க்க வேண்டும். அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வைக்க வேண்டும். அந்தச் சீட்டைத்தான் பொலிஸ் நிலையத்தில் கொடுத்து லைசன்ஸை எடுக்க வேண்டியிருக்கும். கொடுத்த பிறகு நம் கையில் எதுவும் இருக்காது. லைசன்ஸை எடுக்க மட்டும் துண்டில் எழுதிய நிலையத்துக்குப் போகத்தான் வேண்டும். ஏ9 வீதியில் மறித்துப் பிடித்தால், விசுவமடுக்காரருக்கு அது ஒரு பயணம். கட்டிவிட்டு லைசன்ஸை எடுக்காமல் மாதக்கணக்கில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 14 நாள் முடிந்தால் துண்டும் லைசன்ஸ் இல்லை, உண்மையான லைசன்ஸும் கையில் இல்லை. அடுத்த சந்தியில் மறித்தால் காட்ட ஒன்றுமிருக்காது.

போனிலேயே கட்டலாமே என்று இளம் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அரசாங்கத்தின் GovPay வழியாகத் தண்டம் கட்டுவதை 2025 ஏப்ரலில் குருநாகல்–அநுராதபுரம் வீதியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, பிறகு படிப்படியாக மற்ற இடங்களுக்கும் விரித்தார்கள். வங்கியின் செயலிக்குள் GovPay என்ற பகுதியைத் திறந்து, துண்டில் இருக்கும் விவரங்களைப் போட்டுக் கட்டுவது. அந்த இடத்திலேயே கட்டினால் லைசன்ஸை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் இதில் உள்ள பெரிய நன்மை. விசுவமடுவிலிருந்து ஏ9க்கு இன்னொரு முறை போகத் தேவையில்லை. அதனால் மறித்து எழுதும்போதே 'GovPayஇல் கட்டலாமா?' என்று அதிகாரியிடம் கேளுங்கள். உங்களிடம் வங்கிச் செயலி இல்லாவிட்டாலும் வீட்டில் பிள்ளைக்கு இருக்கலாம். அவருக்குத் துண்டைப் படம் எடுத்து அனுப்பினால் அங்கிருந்து கட்டலாம். அப்படி அனுப்பும் படம் வேறு மாதிரி. அதில் இலக்கங்கள் தெளிவாக இருக்க வேண்டும், பெருவிரல் இருக்கக் கூடாது.

இதே GovPayஇன் பெயரில்தான் பொய்யும் வருகிறது. தண்டம் கட்டவில்லை, உடனே இந்த லிங்கை அமத்திக் கட்டுங்கள், இல்லாவிட்டால் லைசன்ஸ் ரத்து என்ற மாதிரிக் குறுஞ்செய்தி. அதன் படத்தையும் ஒரு சொல்லும் இல்லாமல்தான் அனுப்புகிறார்கள். அயலில் இருக்கும் ஒரு அண்ணா அப்படி அனுப்பினார். அவர் கேட்க நினைத்தது எப்படிக் கட்டுவது என்பது. அதை அவர் சொல்லியிருந்தாலும் நான் கட்டும் வழியைச் சொல்லியிருக்க மாட்டேன். யாரும் மறிக்கவில்லை, துண்டு தரவில்லை, லைசன்ஸ் சட்டைப் பையில் இருக்கிறது, செய்தியில் வாகன இலக்கமும் இல்லை, எந்த இடம், எந்த நாள் என்பதும் இல்லை. லிங்கைப் பார்த்தால் மிச்சமும் தெரியும். உண்மையான தளம் govpay.lk. முகவரியில் தொடக்கத்து https:// என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கிற பகுதிதான் தளம் யாருடையது என்று சொல்வது. govpay என்ற எழுத்துகள் முன்னால் எங்கேயோ இருந்து, முடிவு சரியாக govpay.lk என்று இல்லாமல் வேறு ஏதாவது என்றால் அது அவர்களுடையது இல்லை. அதற்குள் போனால் அட்டை இலக்கம் கேட்கும், அடுத்து வங்கி போனுக்கு அனுப்பும் இரகசிய இலக்கத்தைக் கேட்கும். அந்த இலக்கத்தைக் கொடுத்தால் காசு போய்விட்டது. அண்ணாவுக்கு நான் முதல் சொல்லாக எழுதியது 'அமத்த வேண்டாம்' என்பது. விளக்கமெல்லாம் அதற்குப் பிறகு. அமத்தி விவரமும் கொடுத்துவிட்டால், வங்கிக்கு உடனே எடுத்து அட்டையை நிற்பாட்டச் சொல்ல வேண்டும், விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

போனில் வருவது எல்லாம் பொய், கையில் தருவது எல்லாம் உண்மை என்று சுருக்கிவிடவும் முடியாது. கொழும்பில் 2024 ஜனவரியிலிருந்து கமராவில் பதிவாகும் மீறல்களுக்கு வாகன உரிமையாளரின் வீட்டு முகவரிக்கே அறிவித்தல் அனுப்புகிறார்கள். கிளிநொச்சியில் பதிவான வான் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றப் போய், கொழும்பில் சிவப்பு விளக்கைத் தாண்டியிருந்தால், சில நாள் கழித்துக் கடிதம் வரலாம். அதில் யாரும் மறித்திருக்க மாட்டார்கள், லைசன்ஸும் கையில்தான் இருக்கும். அப்போது என் அடையாளம் பலிக்காது. கடிதத்தில் இருக்கும் வாகன இலக்கம், நாள், நேரம், இடம் ஆகியவற்றை எடுத்து, அன்றைக்கு வாகனம் எங்கே, யார் ஓடினார் என்று பார்க்க வேண்டும். பிறகு பொலிஸ் நிலையத்துக்கு எடுத்துக் கேட்க வேண்டும். கடிதத்தில் அச்சடித்த தொலைபேசி இலக்கத்தை விட்டுவிட்டு, உங்கள் ஊர் நிலையத்தில் கேட்டு வாங்கிய இலக்கத்துக்கு எடுங்கள். வாகனத்தை விற்று, பெயர் மாற்றாமல் திறந்த பத்திரத்தில் கொடுத்தவர்களுக்கு இது இன்னும் தலையிடி. ஓடுகிறவர் வேறு, அறிவித்தல் வருவது பழைய உரிமையாளருக்கு. அப்படி வந்தால் கிழித்துப் போடாமல், விற்ற காகிதங்களோடு நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்.

படம் அனுப்புகிறவர்களிடம் நான் இப்போது கேட்டுக்கொள்வது சில விஷயங்கள்தான். தாளை நீவி விரித்து, வெளிச்சத்தில், நாலு மூலையும் தெரிய எடுங்கள். மறுபக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். மறித்த அன்றைக்கே அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போட வேண்டாம். அதில் பெயர், முகவரி, லைசன்ஸ் இலக்கம் எல்லாம் இருக்கிறது. குழுவிலிருந்து அது எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது. கேட்பதை எழுதக் கஷ்டமென்றால் குரலில் ஒரு வசனம் போதும்.

சித்தப்பா திங்கட்கிழமை காலையிலேயே கட்டிவிட்டார், 2,000தான். அன்றைக்கே நிலையத்துக்குப் போய் லைசன்ஸையும் எடுத்தார். அடுத்த கிளினிக் நாளில் சித்தி மகனுடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனா. வரிப்பத்திரத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டுச் சீற்றுக்குக் கீழே வைத்திருக்கிறார்.